ஊடகச் சந்திப்புக்குக் கேள்வித்தாள்: நான்கு வருட அனுபவம்

ஹட்டன் பக்கம் தோட்ட வீடமைப்பில் வேலை செய்யும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறேன். புதிய திட்டம் அறிவிக்கும் போதெல்லாம், ஸ்லைடுகளைப் பார்த்து, ஊடகச் சந்திப்பில் நிருபர்கள் கேட்கக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் எழுதி எங்கள் பேச்சாளருக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது என் பொறுப்பு.

முதல் வருடம் ஒரு ஸ்லைடுக்கு ஒரு கேள்வி என்று வரிசையாக எழுதினேன். முப்பது கேள்வி சேர்ந்தது. எல்லாமே எங்களிடம் கேட்க வேண்டும் என்று நாங்களே ஆசைப்பட்ட கேள்விகள். மூன்றாவது ஸ்லைடில் 120 குடும்பங்கள், எட்டாவதில் 96 வீடுகள் என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சந்திப்பில் ஒரு நிருபர், "அப்போ மிச்சம் 24 குடும்பமும் லயத்திலேயேதானா?" என்று கேட்டார். எங்கள் பேச்சாளர் அக்கா தாளைப் புரட்டினார், அதில் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் இப்போது யாரும் வேலை செய்யாத குடும்பங்கள் அவை, இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளியிருந்தோம். காரணம் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். தாளில்தான் இல்லை.

அதிலிருந்து ஸ்லைடுகளை அச்செடுத்து எண்களை எல்லாம் பேனாவால் வட்டமிடுகிறேன். ஒரே விஷயத்துக்கு இரண்டு எண் வந்தால் அது ஒரு கேள்வி. அப்புறம் சொற்கள். ஆங்கில ஸ்லைடில் இருப்பதைத் தமிழில் "7 பேர்ச்சஸ் காணி உரிமையுடன் வீடு" என்று எழுதினால், இங்கே கேட்பவர் காணி உறுதி கையில் வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். எங்கள் சட்ட அலுவலரிடம் கேட்டபோது, அன்று கொடுப்பது ஒதுக்கீட்டுக் கடிதம் மட்டும் என்றார். அதனால் தாளில் இப்படிப் போட்டேன்:

கேள்வி: உறுதி எப்போது கிடைக்கும்?
பதில்: இன்று கொடுப்பது ஒதுக்கீட்டுக் கடிதம். நில அளவை முடிந்து பதிவான பிறகே உறுதி.
ஸ்லைடு 5. சரிபார்த்தவர்: சட்ட அலுவலர். திகதி சொல்ல வேண்டாம்.

பதில் இரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் அக்கா வாசிக்கத் தொடங்கிவிடுவார், பேச மாட்டார். அதனால் பன்னிரண்டு கேள்வி, ஒரே தாள், பெரிய எழுத்து. சிங்களத்தில் வரக்கூடிய கேள்விக்குச் சிங்களத்திலேயே பதிலையும் எழுதி வைக்கிறேன், அந்த நேரத்தில் மொழிபெயர்த்தால் சொல் மாறிவிடுகிறது.

இந்த முறைக்கு ஒரு எல்லை உண்டு. ஸ்லைடில் இல்லாததை ஸ்லைடில் தேடிப் பிடிக்க முடியாது. வீடு பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் நாட்சம்பளம் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். அது சம்பள நிர்ணய சபை, தொழிற்சங்கம், கம்பனிகள் சம்பந்தப்பட்டது, எங்கள் வேலை வீடு என்று ஒரு வரி நிரந்தரமாகத் தாளின் அடியில் இருக்கிறது. மற்றவற்றுக்கு முதல் நாள் மாலை அரை மணி நேரம் ஒத்திகை. ஸ்லைடையே பார்க்காத ஒருவரைக் கேட்கவிடுவேன். போன முறை கணக்குப் பிரிவுத் தங்கச்சி வந்தார், அவருடைய அம்மா இன்னும் லயத்தில்தான் இருக்கிறார். "வீடு குடுத்த பிறகு பழைய லயக் காம்பிராவை உடைப்பீங்களா, இல்ல வேற ஆளை வைப்பீங்களா?" என்று கேட்டார். இருபத்திரண்டு ஸ்லைடில் அது பற்றி ஒரு வரி இல்லை. அன்றிரவே திட்ட அலுவலருக்குப் போன் போட்டுப் பதில் வாங்கி, அதையே முதல் கேள்வியாக வைத்தேன்.