பின்னணி மாற்றும் ஏஐ டூல்: பத்து மாதம் கழித்து

ஆண்டுச் சந்தா விலை இறங்கியதும் "வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில்தான் இது.

வேலை இதுதான். அரை லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலின் ஒரே போட்டோ, நான்கு பின்னணி, நான்கு விளம்பரம். எது அதிகம் க்ளிக் வாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பின்னணி போடுவதில் டூல் கெட்டி. மர பெஞ்சு, வாழை இலை, பித்தளைத் தாம்பாளம் எதைக் கேட்டாலும் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும். பாட்டில் அடியில் விழும் நிழலைக்கூட ஒழுங்காகப் போடுகிறது.

பெரிய எரிச்சல் ஒன்று: காலி இடம் விடத் தெரியாது. "மேலே எழுத்துக்கு இடம் விடு" என்றால் அங்கே அலமாரி, தொங்கும் கரண்டி, ஜன்னல் கம்பி என்று அடைத்துவிடும். எழுத்து என்ற சொல்லைப் பார்த்தாலே போதும், புரியாத கிறுக்கல் ஒன்றை எழுதியும் வைக்கும். இல்லாததைக் கேட்காமல், அங்கே என்ன இருக்க வேண்டும் என்று சொன்னால்தான் கேட்கிறது:

```
upper third: plain limewashed wall, soft even light
```

இதுவும் நான்கில் ஒரு தடவை சொதப்பும். 1080×1350 கேன்வாஸில் மேல் 450 பிக்சலுக்குச் சுவர் நிறத்தை நாமே பூசிவிட்டு, கீழ்ப் பகுதியை மட்டும் மாஸ்க் போட்டு வரையச் சொல்வதுதான் நிச்சயமான வழி. மாஸ்க் ஓரத்தை ஐம்பது அறுபது பிக்சல் மென்மையாக்காவிட்டால் சுவரில் கோடு போட்டதுபோல் தெரியும். இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்கு 1080×1920 என்றால் மேலே 250, கீழே 340 பிக்சலில் எதையும் எழுதாதீர்கள். கணக்குப் பெயரும் பட்டனும் அங்கேதான் வந்து உட்காரும்.

இன்னொன்று, லேபிள். தமிழ் எழுத்தைத் தொட்டால் கெடுத்துவிடும், 'ண்ணெ' மூன்று சுழி நெளிவாகிவிடும். அதனால் கடைசியில் அசல் பாட்டிலை வெட்டி, ஓரத்தில் இரண்டு பிக்சல் உள்வாங்கி, மேலே ஒட்ட வேண்டும். கண்ணாடி பாட்டில் என்றால் கழுத்துப் பகுதி வழியே பழைய வெள்ளைத் திரை பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அந்த இடத்தை மட்டும் தனி லேயராக்கி மல்டிப்ளை என்ற கலப்பு முறையில் வைத்தால் பின்னணி நிறம் ஊடே தெரியும்.

நான்கிலும் வாசகம், அதன் இடம், எழுத்தளவு, பாட்டில் அளவு எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். வாழை இலைப் படத்தில் இடம் பத்தாமல் வாசகத்தைச் சுருக்கினால், க்ளிக் குறைந்தது இலையாலா எழுத்தாலா என்று சொல்ல முடியாது. நான்கையும் கறுப்பு வெள்ளையாக்கி, கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எதில் வாசகம் சுவரோடு கரைகிறதோ அதைத் திரும்ப வரையுங்கள்.

ஸ்டூடியோவில் நான்கு செட் போடும் செலவோடு ஒப்பிட்டால் சந்தா ஒன்றுமே இல்லை, அது உண்மை. ஆனாலும் நேற்று ஐந்தாவது முறையாக அதே சுவரில் கரண்டியை மாட்டி வைத்திருந்தது. ஆண்டுச் சந்தா வேண்டாம், மாதம் மாதம் கட்டுங்கள்.