உப்புக்காற்றில் ரிமோட், டார்ச்: அரிப்பு தொடங்கும் இடமும் தடுக்கும் வழியும்

தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் கடலை ஒட்டிய வீடுகளில் ரிமோட் வேலை செய்யவில்லை என்றால், உடனே போர்டைச் சந்தேகப்பட வேண்டாம். செல்லின் மைனஸ் முனை அமரும் ஸ்பிரிங்கை முதலில் பாருங்கள். அது நிக்கல் பூசிய இரும்புக் கம்பி. வெட்டிய நுனியில் பல நேரம் பூச்சு இருக்காது. துரு அங்கே பிடித்து வளையம் வளையமாக இறங்கும். காற்றில் வரும் உப்புத்தூள் அதன்மேல் படிகிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அதனால் மழையே இல்லாவிட்டாலும் அரிப்பு நடக்கும்.

புது செல் போட்டும் தட்டினால்தான் வேலை செய்கிறதா? மீட்டரை எடுங்கள். இரண்டு செல்லுக்கும் சேர்த்து 3 வோல்ட் காட்டும். மீட்டரின் முனைகளைச் செல்லில் வைக்காமல் ரிமோட்டின் தகடுகளில் வைத்து, பட்டனை அழுத்திப் பாருங்கள். அங்கே தெளிவாகக் குறைந்தால், மின்சாரத்தைத் துரு தின்கிறது.

சுத்தம் செய்ய, செல்லைக் கழற்றிவிட்டுப் பழைய டூத் பிரஷால் பொடியை உதறுங்கள். கசிந்தது அல்கலைன் செல் என்றால் அந்த வெள்ளைப் பொடி காரம். எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸ் போதும். விலை குறைந்த சாதாரண செல்லின் கசிவு அமிலம். சமையல் சோடாவைச் சில சொட்டுத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். மாற்றிப் போட்டால் பயனில்லை. பிறகு சுத்தத் தண்ணீர் தொட்ட பட்ஸால் இரண்டு முறை துடைக்க வேண்டும். பலர் விடுவது இந்த இடத்தில்தான். ஸ்பிரிட் உப்பை நன்றாகக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஸ்பிரிட் கடைசியில், ஈரத்தை விரட்ட மட்டும். உப்புத்தாள் தட்டைத் தகட்டுக்கு ஆகும். ஸ்பிரிங்கில் தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய்விடும்.

நன்கு காய்ந்த பின், அரிசி மணி அளவு சிலிக்கான் கிரீஸை ஸ்பிரிங்கிலும் தகட்டிலும் மெல்லிசாகத் தடவுங்கள். செல் அழுத்தும் இடத்தில் கிரீஸ் விலகி உலோகம் உலோகத்தைத் தொடும். சுற்றிலும் காற்று புகாது. வாசலினும் ரிமோட்டுக்குப் போதும். டார்ச்சின் ரப்பர் வளையத்தில் மட்டும் அது வேண்டாம், ரப்பர் ஊறிப் பெருத்துவிடும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுவதும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கும். கருத்து மெலிந்த ஸ்பிரிங்கை எந்தக் கிரீஸும் காப்பாற்றாது, மாற்றத்தான் வேண்டும்.

சுவரில் நேராகச் செருகும் டார்ச்சின் இரட்டைப் பின்னுக்கு முறை வேறு. பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு பிடித்தால் தொடர்பு தளர்ந்து சூடேறும். பின்னின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பாவது அதன் அடையாளம். அந்த நிலைக்கு வந்ததைச் செருகவே கூடாது. சாக்கெட்டையும் பார்த்து மாற்றுங்கள். வெறும் களிம்பு என்றால், பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடம் விடுங்கள். மலிவான டார்ச்சுகளில் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் ஷாக் அடிக்கலாம். இரண்டு பின்னையும் ஒன்றாகத் தொடாதீர்கள். வினிகர் தொட்ட பட்ஸ், பிறகு தண்ணீர் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த துணி. முழுதாகக் காய்ந்த பிறகே செருக வேண்டும். இந்தப் பின்னில் கிரீஸ் தடவாதீர்கள். தூசி ஒட்டி, சூட்டில் கருகும்.