500 எழுத்துக்குள் பயண நோக்கம்: மூன்று வரைவுகளும் ஒரே விண்ணப்பமும்

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டில் பிரிட்டன் போக 2009 முதல் விசா வேண்டும். அந்த இணையப் படிவத்தில் பெரும்பாலான கேள்விகளுக்குத் தேதியோ தொகையோ முகவரியோ போட்டால் போதும். பயணத்தின் முக்கிய நோக்கத்தையும், அங்கே வேறென்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் கேட்கும் பெட்டியில்தான் சொந்தமாக எழுத வேண்டியிருக்கிறது. அதற்கு 500 எழுத்துதான் வரம்பு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் அதில் சேரும். ஆங்கிலத்தில் ஏறக்குறைய 80 சொல். இங்கே வரைவுகளைத் தமிழில் தருகிறோம், படிவத்தில் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை, 62 வயது, கணவர் இல்லை. மகள் லெஸ்டரில் வேலை பார்க்கிறாள், மே 29-ஐ ஒட்டிப் பிரசவம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகன் அம்மாவோடு இருக்கிறான். அம்மா பத்து வாரம் போய் வர நினைக்கிறார். இதே உண்மைகளை மூன்று விதமாக எழுதலாம்.

முதல் வரைவு, மனதில் வந்தபடி எழுதிவிட்டு வெட்டுவது. “என் கணவர் காலமான பிறகு எனக்கு எல்லாமே என் மகள்தான். அவளுக்கு இது கடினமான கர்ப்பம். முதல் பேரக்குழந்தையைக் கையில் ஏந்த வேண்டும் என்பது என் கனவு. இரண்டு மூன்று மாதமோ, அவள் தேறும் வரையிலோ இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்வேன். சட்டத்தை மதிப்பவள் நான், நிச்சயம் திரும்பி வருவேன் என்று உறுதியளிக்கிறேன்.” இது நீண்டுகொண்டே போகும். வெட்டும்போது எழுதியவருக்குப் பிரியமான வரிகள் தங்கிவிடும், தேதிகள் போய்விடும். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லாத இந்தப் பத்தி அவருக்கே எதிராக நிற்கும். “எல்லாமே என் மகள்தான்” என்ற வரி டர்பனில் இருக்கும் மகனை அழித்துவிடுகிறது. “அவள் தேறும் வரை” என்பது முடிவில்லாத தங்கல். திரும்பி வருவேன் என்ற உறுதிமொழியை எல்லாரும் எழுதுகிறார்கள், சரிபார்க்க அதில் எதுவும் இல்லை.

இரண்டாவது, “அனுபவப்பட்டவர்கள்” சொல்லித் தரும் ஒற்றை வரி: “சுற்றுலா, லண்டன் பார்க்க.” சுருக்கம் என்று பார்த்தால் இதை மிஞ்ச முடியாது. பிரசவம் என்று எழுதினால் வம்பு என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். மூன்று வரைவுகளிலும் ஆபத்தானது இதுதான். பத்து வாரத்தில் நான்கு நாள்தான் லண்டன். மகளின் அழைப்புக் கடிதமும், பிரிட்டனில் உறவினர் உண்டா என்ற கேள்விக்கான பதிலும் வேறு கதை சொல்லும். உண்மையை மறைத்து விசா கேட்டதாக அதிகாரி முடிவு செய்தால் இந்த விண்ணப்பம் மறுக்கப்படுவதோடு முடியாது. ஏமாற்று என்று பதிவானால் பத்து ஆண்டுத் தடை வரலாம். இத்தனைக்கும் மறைக்க இங்கே எதுவுமே இல்லை. பிரசவத்துக்கு அம்மா போவது சாதாரண வருகையாளர் விசாவுக்குள் வரும் நோக்கம்தான்.

மூன்றாவது, உண்மைகளை முதலில் தாளில் எழுதிக்கொண்டு அவற்றிலிருந்து பத்தியைக் கட்டுவது. யாரைப் பார்க்க, ஏன் இந்தச் சமயத்தில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எங்கே தங்குவது, வேறென்ன செய்வது, யார் செலவு, திரும்பி வர இங்கே என்ன இருக்கிறது. அதை வாக்கியமாக்கினால் இப்படி வரும்:

“லெஸ்டரில் வசிக்கும் என் மகளுக்கு மே 29 அன்று பிரசவம் எதிர்பார்க்கப்படுகிறது. மே 18 முதல் ஜூலை 27 வரை அவள் வீட்டில் தங்கி, பிரசவத்தின்போதும் பிறகும் உடனிருந்து உதவத் திட்டமிட்டுள்ளேன். அந்தக் காலம் முழுவதும் அவள் மகப்பேறு விடுப்பில் இருப்பாள். ஜூலையில் நான்கு நாள் லண்டனைச் சுற்றிப் பார்ப்பேன். விமானச் செலவு என் சேமிப்பிலிருந்து, தங்குமிடமும் உணவும் மகள் பொறுப்பு. பிறகு சாட்ஸ்வொர்த்தில் உள்ள என் வீட்டுக்குத் திரும்புவேன், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகன் அங்கே என்னோடு வசிக்கிறான்.”

ஆங்கிலத்தில் இது 500 எழுத்துக்குள் அடங்கும். எங்கள் தேர்வு இதுதான். காரணம் நடையழகு இல்லை. இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு தாளோ படிவத்தின் இன்னொரு பதிலோ தாங்கி நிற்கிறது: பிரசவத் தேதிக்கு மருத்துவமனைக் கடிதம், விடுப்புக்கு மகளின் நிறுவனக் கடிதம், செலவுக்கு வங்கி அறிக்கை, மகனுக்குப் பல்கலைக்கழகப் பதிவுச் சான்று.

இதிலும் சில விஷயங்கள் விடுபட்டிருக்கின்றன. கணவர் இறந்தது இல்லை. ஆனால் மண நிலையைப் படிவம் தனியாகக் கேட்கிறது, அங்கே உள்ளபடி பதில் இருக்கிறது, ஆகவே இது மறைப்பு ஆகாது. கர்ப்பச் சிக்கல் மகளின் சொந்த விஷயம், முடிவுக்கு அது தேவையில்லை. ஓய்வூதியமும் வருமானக் கேள்வியில் வந்துவிடும். அதைத் திரும்புவதற்கான காரணமாக எழுதுவோர் உண்டு. நாங்கள் எழுத மாட்டோம். ஓய்வூதியம் இருந்தால் கையில் பணம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான். அதை வாங்க ஒருவர் டர்பனில் இருந்தாக வேண்டியதில்லை.

மகப்பேறு விடுப்பு வாக்கியத்தை மட்டும் இடம் போதவில்லை என்று வெட்டிவிட வேண்டாம். வருகையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. குறுகிய வருகையில் பாட்டி பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதில் தடையில்லை, ஆனால் அது சம்பளமில்லாத ஆயா வேலையாக மாறிவிடக் கூடாது. முதல் வரைவின் “குழந்தையைப் பார்த்துக்கொள்வேன்” என்ற சொல்லைப் படிக்கும் அதிகாரிக்கு, மகள் வேலைக்குப் போக அம்மா வீட்டில் ஆயாவாக இருக்கப் போகிறார் என்ற ஐயம் எழுவது இயல்பு. குழந்தையின் தாயே விடுப்பில் வீட்டில் இருக்கிறாள் என்ற ஒரு வரி அதைத் தீர்க்கிறது.

மகள் உண்மையிலேயே ஜூன் மாதமே வேலைக்குத் திரும்புவதாக இருந்தால்? அப்போது “உடனிருக்க” என்று சொல்லை மாற்றிப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கக் கூடாது. அது சுருக்கமல்ல, மறைப்பு. பயணத்தைத்தான் மாற்ற வேண்டும்: மகள் விடுப்பில் இருக்கும் வாரங்களுக்கு மட்டும் போய் வரலாம், அல்லது குழந்தைக்கு அங்கே வேறு ஏற்பாடு செய்யலாம். எதை வெட்டலாம் என்று தயக்கம் வந்தால் நாங்கள் பார்ப்பது ஒன்றுதான். ஹீத்ரூ விமான நிலையத்தில் அதிகாரி நேருக்கு நேர் கேட்டு நீங்கள் உண்மையைச் சொன்னால், எழுதிய பத்தி அப்படியே நிற்குமா? நின்றால் தாராளமாக வெட்டலாம்.

எழுதி முடித்ததும் மகளின் அழைப்புக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிசகு தெரியும். கடிதம் “மூன்று மாதம்” என்று சொல்லும், பத்தி பத்து வாரம் என்று சொல்லும். அல்லது “டிக்கெட்டை நானே எடுக்கிறேன்” என்று மகள் எழுதியிருப்பாள். பத்தி சரி, கடிதம் தவறு என்றால் கடிதத்தைத்தான் திருத்தச் சொல்ல வேண்டும். முன்பு விசா மறுக்கப்பட்டது போன்ற விளக்கங்களை இந்தப் பத்தியில் திணிக்க வேண்டாம், கூடுதல் தகவலுக்குப் படிவத்தின் கடைசியில் தனி இடம் உண்டு.

குழந்தை முந்தியோ பிந்தியோ பிறக்கலாம். அதற்காகத் தேதிகளைத் தளர்த்தி எழுத வேண்டியதில்லை. படிவம் கேட்பது திட்டமிட்ட தேதியைத்தான். விசாவும் வழக்கமாக ஆறு மாதத்துக்குக் கிடைப்பதால் சில நாள் நகர்ந்தால் சிக்கலில்லை. “தேவைப்பட்டால் நீட்டிப்பேன்” என்ற சொல் மட்டும் பத்தியில் எங்கும் இருக்கக் கூடாது. விசா கைக்கு வரும் வரை டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டவும் வேண்டாம்.