ஆதியாகமம் 12:3: ‘ஆசீர்வதிக்கப்படும்’, ‘ஆசீர்வதித்துக்கொள்ளும்’, ‘ஆசி பெறும்’

ஆபிராமுக்குக் கடவுள் தரும் வாக்கின் கடைசி வரி எபிரேயத்தில் ‘வெநிவ்ரெகூ வெகா’ என்று தொடங்குகிறது. ‘நிவ்ரெகூ’ நிஃபால் என்ற எபிரேய வினை வடிவம். நிஃபால் செயப்பாட்டாகவும் வரும், தனக்கே செய்துகொள்ளும் வினையாகவும் வரும், தானாக நிகழ்வதையும் சொல்லும். ‘பரக்’ என்ற இந்த வேர் நிஃபாலில் வருவது மூன்றே இடங்களில்: 12:3, 18:18, 28:14. அதே வாக்கு 22:18-லும் 26:4-லும், பெரும்பாலும் தனக்கே செய்துகொள்வதைச் சொல்லும் ஹித்பாயேல் வடிவில் வருகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய தமிழ் வேதாகமத்தில் ‘பூமியிலுள்ள வம்சங்களெல்லாம் உனக்குள் ஆசீர்வதிக்கப்படும்’ என்று இருக்கிறது. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தும் புதிய ஏற்பாட்டின் கலாத்தியர் 3:8-ம் செயப்பாட்டாகவே எடுத்துக்கொண்டன. அதனால் இரு ஏற்பாடுகளையும் சேர்த்துப் படிப்பவருக்கு இது வசதி. ஆனால் வெறும் செயப்பாடுதான் வேண்டுமென்றால் இந்த வேருக்கே புவால் என்ற செயப்பாட்டு வடிவம் இருக்கிறது. அதை விட்டு நிஃபால் ஏன் வந்தது என்ற கேள்விக்கு ‘படு’ பதில் சொல்வதில்லை.

‘தங்களை ஆசீர்வதித்துக்கொள்ளும்’ என்பது அடுத்தது. இதை எடுத்தால் ‘வெகா’வும் மாறும்: ‘உனக்குள்’ நிற்காது, ‘உன் பெயரைச் சொல்லி’ என்றாகும். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷி இப்படித்தான் விளக்குகிறார்: ஒருவன் தன் மகனிடம் ‘ஆபிரகாமைப் போல் இரு’ என்று வாழ்த்துவான். 48:20-ல் எப்பிராயீம், மனாசே பெயரைச் சொல்லி வாழ்த்துவது இதற்குச் சான்று. இந்த வாசிப்புக்கு ஹித்பாயேல் உள்ள 22:18-ஐ துணைக்கு அழைப்பார்கள். ஆனால் வடிவத்தை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. ஆதியாகமம் 3:8-ல் ‘ஒளித்துக்கொண்டார்கள்’ ஹித்பாயேல், 3:10-ல் ‘ஒளித்துக்கொண்டேன்’ நிஃபால். வேர் ஒன்று, பொருளும் ஒன்று. தமிழிலும் இரண்டுக்கும் ‘கொள்’தான். எனவே சூழலையும் பார்த்தாக வேண்டும். இதே வசனத்தின் தொடக்கத்தில் ‘ஆசீர்வதிப்பேன்’ என்று சொல்பவர் கடவுள். கடைசி வரியில் வம்சங்கள் தங்களையே ஆசீர்வதித்தால், கொடுப்பவர் காட்சியிலிருந்து விலகிவிடுகிறார்.

என் தேர்வு ‘உன் வழியாக ஆசி பெறும்’. தமிழில் ‘பெறு’ நடுவில் நிற்கும் வினை. பெரியவர் காலில் விழுந்து ஆசி பெற்றேன் என்கிறோம். கொடுத்தவர் வேறு ஒருவர், ஆனால் தேடிப் போய்க் குனிந்தது நான். வாங்குபவருக்கும் அதில் பங்கு உண்டு. நிஃபாலின் இடைப்பட்ட தன்மைக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை. கொடுப்பவர் பெயரை ‘பெறும்’ சொல்வதில்லை என்பது உண்மைதான். எபிரேயமும் சொல்லவில்லை.

சரி, 22:18? அங்கே பழைய மொழிபெயர்ப்பு மறுபடியும் ‘ஆசீர்வதிக்கப்படும்’ என்றே போடுகிறது. இரண்டு வடிவங்கள் இருந்த சுவடே வாசகனுக்குத் தெரிவதில்லை. நான் அங்கே ‘ஆசி தேடிக்கொள்ளும்’ என்று எழுதுவேன். ‘ஆசி’ இரு இடத்திலும் நிற்பதால் வாக்கு ஒன்றுதான் என்பது தெரியும், வினை மாறுவதால் வடிவம் வேறு என்பதும் தெரியும்.