பெங்களூரில் வீடு பார்க்கிறவர்களுக்கு: பால்கனியில் நின்று சிக்னல் பார்க்காதீர்கள்

போன ஜூனில் வேலை மாறி மதுரையிலிருந்து பெங்களூர் வந்தேன். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. புரோக்கர் காட்டிய இரண்டாவது வீடே பிடித்துப்போனது. முதல் மாடி, வாடகை 24,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், ஆறு மாதத்துக்கு முன் காலி செய்தால் ஒரு மாத வாடகை பிடித்தம். நெட்வொர்க் எப்படி என்று கேட்டதற்கு, "எல்லா சிம்மும் எடுக்கும் சார், பாருங்க" என்று பால்கனியில் நின்று தன் போனைக் காட்டினார். நாலு கோடு இருந்தது. என் போனிலும் அதேதான். அத்தோடு விட்டுவிட்டேன்.

குடிவந்த மூன்றாம் நாள் காலையில் பால்கனிக்கு வந்தபோது அம்மாவின் குரல்பதிவுகள் வரிசையாக வந்து விழுந்தன. முந்தின இரவு அனுப்பியவை. "எத்தனை தடவை அடிச்சாலும் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லுதுப்பா, நல்லா இருக்கியா?" நான் பத்தடி தள்ளி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குத்தான் அளந்து பார்த்தேன். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Settings, About phone, SIM status என்று போனால் Signal strength என்ற இடத்தில் dBm என்று ஒரு எண் வரும். மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் RSRP என்ற பெயரில் அதே எண் கிடைக்கும். 4ஜியில் -95 வரை கவலையில்லை. -110ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும், -120 பக்கம் போனால் கால் நிற்காது. என் பால்கனியில் -87. படுக்கையறையில் கதவைச் சாத்தினால் -117. முப்பதுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் பத்து குறைந்தால் சிக்னல் பத்தில் ஒன்றாகிவிடும். முப்பது என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு! அந்த அறைக்கு ஒரு பக்கம் லிஃப்ட் சுவர், இன்னொரு பக்கம் ஒட்டினாற்போல் அடுத்த கட்டடம். கம்பி கட்டிய கான்கிரீட்டைத் தாண்டி அலை பலமாக வர வழியே இல்லை. கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை dBm-க்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது.

சரி, பிராட்பேண்ட் போட்டு வைஃபை காலிங்கில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பெரிய கம்பெனி ஒன்றின் தளத்தில் பின்கோடு அடித்ததும் கனெக்‌ஷன் உண்டு என்று வந்தது, பணமும் கட்டினேன். வந்த டெக்னீஷியன் படிக்கட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெரு முனை வரைக்கும் எங்க ஃபைபர் இருக்கு சார், உள்ளே இழுக்க உங்க அசோசியேஷன் விடாது" என்றார். அசோசியேஷன் ஒரே ஒரு லோக்கல் ஆபரேட்டரோடு பேசி வைத்திருக்கிறதாம். வீட்டு ஓனருக்கும் புரோக்கருக்கும் இது தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வேறு வழியில்லாமல் அந்த ஆபரேட்டரிடமே 100 எம்பிபிஎஸ் போட்டேன். காலையில் 90 வரும். ராத்திரி ஒன்பது மணிக்கு, கட்டடம் முழுக்க டிவி ஓடும் நேரத்தில், 6. கரண்ட் போனால் அதுவும் இல்லை. என் ரவுட்டருக்கு யுபிஎஸ் இருந்து என்ன பயன், கீழே அவர்கள் வைத்த ஸ்விட்ச் பெட்டிக்கு பேக்கப் இல்லையே. மூன்றாவது மாதம் காலி செய்தேன். ஒரு மாத வாடகை போனது, பெயிண்டிங் என்று இன்னொரு மாதம் பிடித்தார்கள், புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாதமும் சேர்த்து 72,000 ரூபாய்.

அடுத்த வீட்டை இருட்டிய பிறகு எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். மேஜை போடப்போகிற மூலையில், ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஒரு நிமிடம் அசையாமல் நின்று எண்ணைப் பார்த்தேன். நடக்கும்போது எண் தாமதமாகத்தான் மாறும், அதனால் அவசரப்படக் கூடாது. -98. அங்கிருந்தே அம்மாவுக்கு அடித்து ஐந்து நிமிடம் பேசினேன். உங்களிடம் ஒரு சிம்தான் என்றால், வேறு கம்பெனி சிம் வைத்திருக்கும் நண்பர் ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

அப்புறம் மாடிப்படி ஓரம் ஒயர் போகும் டக்ட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். இரண்டு கம்பெனிகளின் ஃபைபர் பெட்டிகள் இருந்தன. எதிர்வீட்டு அக்காவிடம் எந்த நெட், ராத்திரி எப்படி, கரண்ட் போனால் நிற்குமா என்று கேட்டேன். பிறகுதான் ஓனரிடம் பேசினேன். இன்டர்நெட் கனெக்‌ஷன் ஓடத் தொடங்கிய நாளிலிருந்துதான் ஆறு மாதக் கணக்கு, பதினைந்து நாளில் கிடைக்காவிட்டால் பிடித்தம் இல்லாமல் காலி செய்யலாம் என்று அக்ரிமெண்டில் ஒரு வரி சேர்க்கக் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, பேனா எடுத்து அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.