முளைப்பயறு: பச்சையாகவா, வெந்நீரிலா, ஆவியிலா, வாணலியிலா?

கொடைக்கானலில் ஒரு சின்னத் தங்கும் விடுதிக்குச் சமைக்கிறேன். போன சீசனில் ஒரு குடும்பம் வந்தது. அந்த அம்மாவுக்கு ஆறாவது மாதம், கூடவே நான்கு வயதுப் பையன். கையோடு ஒரு டப்பா குதிரைமசால் முளை கொண்டுவந்திருந்தார்கள். கடைகளில் அல்ஃபால்ஃபா என்று விற்பார்களே, நூல் மாதிரி மெல்லிசாக, நுனியில் குட்டி இலையோடு இருக்குமே, அதுதான். "இதைக் கொஞ்சம் கழுவி, எலுமிச்சை பிழிஞ்சு அப்படியே குடுத்துடுங்கக்கா" என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்போது வாசலில் நின்றே விளக்கியதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். பாசிப்பயறு முளைக்கும் இது அப்படியே பொருந்தும்.

முதலில் பச்சையாகச் சாப்பிடுவதை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பலரும் அதைத்தான் சத்து என்று நினைத்துச் செய்கிறார்கள். கிருமி பெரும்பாலும் விதையிலேயே வருகிறது. வயலில் மாட்டுச்சாணம், எலி, பறவை எச்சம், அழுக்குத் தண்ணீர் என்று எங்கேயோ ஒட்டிக்கொண்ட சால்மோனெல்லாவோ ஈ.கோலையோ விதைத் தோலின் கீறல்களுக்குள் புகுந்து, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நாம் விதையை ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, கதகதப்பான இடத்தில் இரண்டு மூன்று நாள் வைக்கிறோம். விதை முளைக்க என்ன வேண்டுமோ அதேதான் கிருமி பெருகவும் வேண்டும். விதையில் பத்துப் பதினைந்தாக இருந்தது இரண்டு நாளில் லட்சத்தைத் தாண்டிவிடக் கூடும். கீரைக்கும் வெள்ளரிக்கும் இந்தக் கட்டமே கிடையாது. அதனால்தான் பச்சைக் காய்கறிகளில் முளைக்கு மட்டும் இவ்வளவு பயப்பட வேண்டியிருக்கிறது.

குதிரைமசாலில் இன்னொரு சங்கடமும் உண்டு. அது அடிப்படையில் மாட்டுத் தீவனப் பயிர். தீவனத்துக்கு விதைக்கவென்று விற்கிற விதையை வாங்கி வீட்டில் முளைகட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சாப்பாட்டுக்கான சுத்தத்தில் எடுத்த விதை இல்லை, சில சமயம் பூச்சிமருந்தும் தடவியிருக்கும். அதை எந்த விதத்திலும் சாப்பிடக் கூடாது, வேகவைத்தாலும் கூடாது.

"நானே வீட்டில் கட்டினது, சுத்தமா இருக்கும்" என்பது அடுத்த வாதம். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளையால் ஏறத்தாழ நான்காயிரம் பேர் நோயில் விழுந்தார்கள், ஐம்பதுக்கு மேல் இறந்தார்கள். சந்தேகம் போய் நின்றது எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையில். முளைகட்டுகிற பண்ணையை எவ்வளவு துடைத்தாலும் விதையோடு வருவதை அது தடுக்காது. நம் சமையலறைக்கும் இது பொருந்தும். இன்னொன்று, அந்தக் கிருமி உடம்புக்குள் போய்ச் சராசரியாக ஒரு வாரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடித்தது. போன வாரம் தின்ற ஒரு கைப்பிடி முளையை யார் நினைவு வைத்திருப்பார்கள்? "நான் வருஷக்கணக்கா சாப்பிடறேன், ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மலையில் இருப்பவர்களிடம் கேட்கிற ஒரு பேச்சு, "இந்தக் குளிருக்குக் கிருமி எங்க வளரும்?" என்பது. இங்கே டிசம்பரில் பயறு முளைவிட நான்கு நாள்கூட ஆகும், அதனால் எல்லோரும் மூட்டையை அடுப்புப் பக்கத்திலோ ஹாட் பாக்ஸிலோ கம்பளியில் சுற்றியோ வைக்கிறோம். வெளியே குளிர்தான், ஆனால் மூட்டைக்குள் நன்றாகக் கதகதப்பு, அதுவும் கூடுதல் நாட்கள். ஃபிரிட்ஜும் முழுப் பாதுகாப்பு இல்லை. லிஸ்டீரியா என்ற கிருமி ஃபிரிட்ஜ் குளிரிலேயே மெதுவாக வளரும், கர்ப்பிணிகளுக்கு அது ரொம்பவே ஆபத்து.

சரி, கழுவினால்? உப்புத் தண்ணீர், வினிகர், மஞ்சள் தண்ணீர்? மேலே இருப்பதில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கிருமி முளையின் உள்ளேயும் போய்விடுகிறது, மேல்தோலின் சந்துகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் 1999-லேயே, முளைகட்டும் முன்பு விதையை பிளீச்சிங் பவுடரின் மூலப்பொருளான கால்சியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், குடிதண்ணீரில் போடுவதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு காரத்தில், ஊறவைக்கச் சொன்னார்கள். (வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.) அதற்குப் பிறகும் அங்கே முளையால் நோய் பரவுவது நிற்கவில்லை. அதற்கே போகாதது ஒரு மூடி வினிகருக்குப் போய்விடாது. முகர்ந்து பார்த்தும் தெரியாது. வழவழப்பும் புளித்த வாடையும் கெட்டுப்போனதைக் காட்டும், நோய்க்கிருமியைக் காட்டாது. பளபளவென்று மொறுமொறுப்பாக இருக்கிற முளையிலும் அது இருக்கலாம்.

ஆக, சூடுதான் வழி. உள்ளே வரை 70 டிகிரி, இரண்டு நிமிடம் நின்றால் இந்தக் கிருமிகள் தாங்காது. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். பருப்பு வேக நேரமாகிறதே என்று நாம் தினமும் அலுத்துக்கொள்வது இதனால்தான், ஆனால் கிருமியைக் கொல்ல 93 தாராளம். பிரச்சினை தண்ணீரின் சூட்டில் இல்லை, அந்தச் சூடு முளைக்குள் போய்ச் சேர்கிறதா என்பதில் இருக்கிறது.

இதில் நானே தப்பு செய்துகொண்டிருந்தேன். வடிகட்டியில் முளையைப் போட்டு மேலே கொதிநீரை ஊற்றுவது, அல்லது பாத்திரத்தில் போட்டு முளை மூழ்கும் அளவு வெந்நீர் விட்டு மூடுவது, இதுதான் என் வழக்கம். ஒருநாள், வீட்டில் சீஸ் செய்கிற பக்கத்து வீட்டு அண்ணன் தன் தெர்மாமீட்டரைக் கொடுத்து "குத்திப் பாரும்மா" என்றார். அரைக் கிலோ பாசிப்பயறு முளை, அரை லிட்டர் கொதிநீர். முள் 51-ல் நின்றது. கொஞ்ச நேரத்தில் 46. கணக்குப் போட்டால் ஆச்சரியமே இல்லை. முளையில் பெரும்பகுதி தண்ணீர்தான். 14 டிகிரியில் இருக்கிற அரைக் கிலோவையும் 93-ல் இருக்கிற அரை லிட்டரையும் கலந்தால் நடுவில் 53 வரும், பாத்திரம் வேறு கொஞ்சம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சமைத்தோம் என்ற நினைப்போடு விருந்தாளிக்குப் பச்சை முளையைக் கொடுத்திருக்கிறேன், அதை நினைத்தால் இன்றும் மனசு சங்கடப்படுகிறது.

இப்போது செய்வது இது: இரண்டு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும், அதில் கால் கிலோ மட்டும். போட்டதும் 84-க்கு இறங்கும். அடுப்பைக் குறைக்காமல் மூடினால் திரும்பக் கொதிக்கும், அந்த இரண்டாவது கொதியிலிருந்து இரண்டு நிமிடம் எண்ணுகிறேன். பாசிப்பயறு முளை அப்போதும் பல்லில் கடிபடும், பச்சை வாடை மட்டும் போயிருக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் பிளந்து பார்த்தால் பருப்பின் நடுவில் மாவு மாதிரி வெள்ளையாக இருந்தது மாறி, கொஞ்சம் கண்ணாடித்தன்மை வந்திருக்கும். முக்கியமான விஷயம், வடித்த பிறகு குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள், பச்சை முளை இருந்த வடிகட்டியிலேயே திரும்பக் கொட்டாதீர்கள். அகலத் தட்டில் பரப்பினால் மலைக்காற்றில் ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.

ஆவியில் வேகவைப்பது இதைவிட ருசி, தண்ணீரில் சத்து கரைந்து போவதும் குறைவு. இட்லிப் பானையில் ஆவி நன்றாக வந்த பிறகுதான் தட்டை வைக்க வேண்டும். துணிமேல் ஒரு விரல் கனத்துக்கு மேல் பரப்பாமல், ஆறு நிமிடம். குவித்து வைத்தால் மேலே வெந்து நடுவில் வெதுவெதுப்பாக நிற்கும். ஒரு தட்டு போதும் என்ற சின்னக் குடும்பத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான். பத்துப் பேருக்கு என்றால் கொதிநீர்.

வாணலியில் வதக்குவதைத்தான் கடைசியில் வைப்பேன். ஒரு கைப்பிடி என்றால் சரி. நிறையப் போட்டால் முளை தண்ணீர் விட்டுக்கொள்ளும், வாணலியின் சூடு இறங்கிவிடும், அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது சூடேறியே இருக்காது. கடிபட வேண்டும் என்று சீக்கிரம் இறக்கவும் கை துடிக்கும். வதக்கித்தான் ஆக வேண்டும் என்றால், தாளித்து முளையைப் போட்டதும் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி மூன்று நிமிடம் ஆவியில் விட்டு, அப்புறம் திறந்து பெரிய தீயில் புரட்டுங்கள். குக்கரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு விசில் போதும், ஆனால் குழைந்துவிடும், குழம்புக்குத்தான் ஆகும். ராஜ்மா மாதிரிப் பெரிய பீன்ஸை முளைகட்டுகிறவர்களுக்கு மட்டும் குக்கர்தான் வழி. அதில் கிருமியைத் தவிர, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் வாந்தி எடுக்க வைக்கும் நச்சும் இருக்கிறது, இரண்டு நிமிடக் கொதிக்கு அது போகாது.

குதிரைமசாலைக் கொதிநீரில் போட்டால் துவண்டு பந்தாகிவிடும், அந்தப் பந்தின் நடுவே சூடு போவதும் லேசில்லை. அதனால் விரலால் இழை இழையாகப் பிரித்து, கொதிக்கிற சூப்பில் தூவி இரண்டு நிமிடம் விடுவது, இல்லையென்றால் பொடியாக நறுக்கி அடை மாவில் கலந்து மெல்லிசாக ஊற்றி இரண்டு பக்கமும் வேகவிடுவது, இந்த இரண்டுதான் எனக்குச் சரிப்பட்டது. அந்த மொறுமொறுப்பு வேண்டும் என்று கேட்டால், அதைக் காப்பாற்றிக்கொண்டே கிருமியைக் கொல்ல எனக்கு வழி தெரியவில்லை. அதற்கு இந்த முளை தேவையும் இல்லை.

அந்தக் குடும்பத்துக்கு அன்று டப்பாவில் இருந்ததை அடையில் போட்டேன். சாலட்டுக்கு, ஆவியில் வேகவைத்து ஆறவிட்ட பாசிப்பயறு முளை ஒரு கப், சந்தையில் வாங்கிய மலைக் கேரட்டை நன்றாகத் தேய்த்துக் கழுவித் தோல் சீவித் துருவியது ஒரு கப், உப்பு, எலுமிச்சை, கடுகும் பச்சைமிளகாயும் தாளித்துக் கொட்டியது. மொறுமொறுப்பு கேரட்டிலிருந்து வந்தது. பையன் மிளகாயைப் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது முறை தட்டை நீட்டினான்.