95 வயது வரை பணம் வருமா? ஆயிரம் வரிசை விரிதாளுடன் சில ஆண்டுகள்

ஓய்வுக்கால முதலீட்டைச் சோதிக்கச் சில ஆண்டுகளாக, வருமானத்தைத் தற்செயலாக மாற்றி மாற்றிப் பல முறை கணக்கிட்டுப் பார்க்கும் மான்டி கார்லோ முறையைப் பயன்படுத்துகிறேன். தனி மென்பொருள் எதுவும் இல்லை, சாதாரண விரிதாள்தான்.

ஓர் உதாரணம்: 60 வயது, கையில் 2 கோடி, முதல் ஆண்டுச் செலவு 8 லட்சம், விலைவாசி ஆண்டுக்கு 6% ஏற்றம், முதலீட்டின் சராசரி வருமானம் 9%. ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் 9% வந்தால், 95 வயதில் சுமார் 3.8 கோடி மிச்சம் இருக்கும். கணக்கு இங்கே முடிந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் சந்தை அப்படி நடப்பதில்லை. அந்த ஏற்ற இறக்கத்துக்கு 12% திட்ட விலக்கம் கொடுத்தேன். A2-இல் தொகை, முதல் வரிசையில் ஆண்டுதோறும் ஏறும் செலவு, B2-இல் இது:

```
=MAX(0,(A2-B$1)*(1+NORM.INV(RAND(),0.09,0.12)))
```

இதை AJ வரை 35 ஆண்டுகளுக்கு இழுத்து, A2-ஐயும் சேர்த்துக் கீழே ஆயிரம் வரிசைகளுக்கு நகலெடுத்தால், ஒவ்வொரு வரிசையும் ஓர் ஆயுட்காலம். கடைசி நிரலில் பூஜ்யத்துக்கு மேல் நிற்பவற்றை எண்ணினால், பாதிக்கு அருகில்தான் வருகிறது! சராசரி மாறவே இல்லை.

ஒரு முக்கியக் காரணம், நல்ல ஆண்டும் கெட்ட ஆண்டும் வரும் வரிசைமுறை. பணம் தீர்ந்து தோற்ற ஒரு வரிசையின் 35 வருமான எண்களை எடுத்துத் தலைகீழாக அடுக்கிப் பாருங்கள். பணம் எடுக்காமல் வைத்திருந்தால் இறுதித் தொகை ஒன்றேதான். எடுத்துக்கொண்டே இருந்தால் அதே எண்கள் வேறு முடிவைத் தரும். தோற்றவற்றில் பெரும்பாலானவை முதல் பத்து ஆண்டுகளிலேயே அடி வாங்கியவை.

விரிதாளைத் தொடும்போதெல்லாம் விடை இரண்டு மூன்று சதவீதப் புள்ளிகள் ஆடும். ஆயிரம் முறை ஓட்டத்தில் அது இயல்பு, பொருட்படுத்த வேண்டாம். கவலைப்பட வேண்டியது நாம் இடும் எண்களைப் பற்றித்தான். சராசரியை 9-இலிருந்து 10 ஆக்கினால் விடை அறுபதைத் தாண்டிவிடுகிறது. அடுத்த 35 ஆண்டுகளுக்கு 9-ஆ 10-ஆ என்று யாரால் சொல்ல முடியும்? எனவே "87.3% வெற்றி" என்று தசமப் புள்ளியோடு பேசும் ஆலோசகரிடம் முதலில் உள்ளீடுகளைக் கேட்பேன். செலவோ நம் கையில் இருக்கிறது. அதை ஆறரை லட்சமாகக் குறைத்தால், அதே 9 சதவீதத்தில் விடை எழுபதை ஒட்டி வருகிறது.

இன்னொரு குறை, 70 வயதில் தீர்ந்த வரிசையும் 93-இல் தீர்ந்த வரிசையும் இதில் ஒரே தோல்வியாகப் பதிவாகின்றன. அதனால் பக்கத்தில் ஒரு நிரல் சேர்த்தேன்:

```
=60+COUNTIF(B2:AJ2,">0")
```

பணம் எந்த வயதில் போதாமல் போகிறது என்பதை இது காட்டும். இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும் அப்போதைய தொகையையும் வயதையும் இட்டு ஓட்டும்போது, மொத்தச் சதவீதத்தைவிட 80-க்குக் கீழே எத்தனை வரிசைகள் விழுகின்றன என்பதையே முதலில் பார்க்கிறேன். அந்த எண்ணிக்கை ஏறினால், அந்த ஆண்டு வீட்டுச் செலவுக்கு 6% உயர்வு கிடையாது.